கைப்பிடிச் சுவரின் தலை: வாட்டமும் சொட்டுக்காடியும்

மொட்டை மாடியைச் சுற்றி நிற்கும் கைப்பிடிச் சுவர் மூன்று பக்கமும் நனையும் சுவர். தெருவைப் பார்த்த முகம், மாடியைப் பார்த்த முகம், தலை ஆகிய மூன்றிலும் மழை விழுகிறது. செங்குத்தான இரு முகங்களில் விழும் நீர் வழிந்து இறங்கிவிடும். தலை படுக்கையாக இருப்பதால் அங்கே விழும் நீர் நின்று, மெல்ல உள்ளே இறங்கும். அதைத் தடுக்கச் சுவரின் மேல் ஒரு கல்லையோ கான்கிரீட் பட்டையையோ மூடியாக வைப்பார்கள். கட்டட வேலையில் இதைக் கோப்பிங் என்பார்கள். இங்கே மூடுகல் என்று கொள்ளலாம்.

மூடுகல் வேலை செய்ய மூன்று அம்சங்கள் சேர்ந்திருக்க வேண்டும். மேற்பரப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், இது வாட்டம். சுவரின் முகத்தைத் தாண்டி இரு பக்கமும் சற்று வெளியே நீண்டிருக்க வேண்டும். நீண்ட பகுதியின் அடியில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் ஓட வேண்டும், இது சொட்டுக்காடி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டின் பலன் பெரும்பாலும் போய்விடும். பல வீடுகளில் கைப்பிடிச் சுவரின் தலை வெறும் சிமென்ட் பூச்சோடு, மட்டமாக, விளிம்பு நீட்டாமல் முடிந்திருக்கும். மேல்மாடி அறைகளின் ஓதத்துக்கு அங்கிருந்து இறங்கும் நீரும் ஒரு காரணம்.

தண்ணீர் இறங்கும் வழி

12 மீட்டர் நீளமுள்ள ஒரு கைப்பிடிச் சுவரை எடுத்துக்கொள்வோம். செங்கல் கட்டு 9 இஞ்ச், அதாவது 230 மி.மீ. இரு பக்கமும் 15 மி.மீ. பூச்சு சேர்ந்தால் அகலம் 260 மி.மீ. ஆகிறது. இதன் தலைப்பரப்பு ஏறத்தாழ 3 சதுர மீட்டர். ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீராகிறது. எனவே 100 மி.மீ. பெய்யும் ஒரு நாளில் இந்தத் தலையில் மட்டும் 300 லிட்டருக்கு மேல் விழும். சென்னையில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1400 மி.மீ. மழை பெய்கிறது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 4000 லிட்டருக்கு மேல் இந்தக் குறுகிய பட்டையின் மீது விழுகிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில் வருவதால், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் சுவர் உலர அவகாசம் கிடைப்பதில்லை.

விழும் நீரெல்லாம் உள்ளே போவதில்லை. ஆனால் போவதற்கு வழி எப்போதும் இருக்கிறது. தலையில் பூசிய மெல்லிய சிமென்ட் பூச்சு உச்சி வெயிலில் கை வைக்க முடியாத அளவு சூடாகிறது. மாலை மழையில் சட்டென்று குளிர்கிறது. இப்படி விரிந்து சுருங்கியே ஓரிரு ஆண்டுகளில் தலைமுடி அகலத்தில் வெடிப்புகள் விடும். படுக்கையான பரப்பில் நீர் நிற்பதால் அந்த நுண்வெடிப்புகளே போதும். செங்குத்துச் சுவரில் அதே வெடிப்பு இருந்தால் நீர் அதைத் தாண்டி ஓடிவிடும். தலையில் அது வாயைத் திறந்து வைத்தது போல் நிற்கும் நீரை விழுங்கும்.

உள்ளே போன நீருக்குச் செங்கல் நல்ல இருப்பிடம். இந்தியத் தர விதிப்படி சாதாரணச் செங்கல் 24 மணி நேரம் நீரில் கிடந்தால் தன் எடையில் 20 சதவீதம் வரை நீரை உறிஞ்சலாம். 3 கிலோ எடையுள்ள கல்லுக்கு இது அரை லிட்டருக்கு மேல். மேல் வரிசைக் கற்கள் நிறைந்த பின், கலவை இணைப்புகள் வழியாக நீர் அடுத்த வரிசைக்கு இறங்குகிறது. மழை நின்ற பிறகு சுவரின் முகங்கள் வழியே அது ஆவியாகும்போது, செங்கல்லிலும் கலவையிலும் இருந்து கரைத்து வந்த உப்பை மேற்பரப்பிலும் பூச்சுக்கு அடியிலும் விட்டுப்போகிறது. வெள்ளையாக உப்புப் பூப்பதும், பெயின்ட் உரிவதும், பூச்சு பொருமிப் பிரிவதும் இதனால்தான். ஆவியாகாத மிச்சம் சுவரின் அடிவரை இறங்கி, தளமும் சுவரும் சேரும் இடத்தில் கீழறையின் கூரை மூலையில் ஈரத் திட்டாகத் தலைகாட்டும். வீட்டுக்காரர் மாடித் தளம் ஒழுகுகிறது என்று நினைத்துத் தட்டோடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதிப்பார். அடுத்த மழையில் அதே மூலை மீண்டும் நனையும்.

வாட்டம் எவ்வளவு, எந்தப் பக்கம்

மொட்டை மாடித் தளத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு போதும் என்பது பொதுவான வழக்கம். அதே கணக்கை மூடுகல்லுக்குப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். தளத்தில் நீர் பல மீட்டர் ஓடுவதால் சிறு சாய்வும் பல சென்டிமீட்டர் உயர வேறுபாட்டைத் தரும். மூடுகல்லின் அகலமோ ஓர் அடிக்குச் சற்று மேல். 360 மி.மீ. அகலத்தில் நூற்றுக்கு ஒன்று என்றால் வேறுபாடு வெறும் மூன்றரை மி.மீ. கரணை ஓட்டத்தில் வரும் மேடு பள்ளமே அவ்வளவு இருக்கும். ஆகவே சாய்வு வைத்தும் ஆங்காங்கே நீர் தேங்கும். பத்துக்கு ஒன்று என்று வைத்தால் வேறுபாடு 36 மி.மீ.; கை வேலையின் குறைகளைத் தாண்டி நீர் ஓடும். கண்ணால் பார்த்தாலே சாய்வு தெரிய வேண்டும் என்பது கொத்தனாருக்கு எளிய அடையாளம்.

கைப்பிடிச் சுவரில் வாட்டம் மாடிப் பக்கம்தான் இருக்க வேண்டும். மூடுகல்லின் மேல் தூசியும் பாசியும் பறவை எச்சமும் சேரும். வாட்டம் தெருப் பக்கம் இருந்தால் முதல் மழை இவற்றைக் கரைத்து வீட்டின் முகப்பில் கறுப்புக் கோடுகளாக இறக்கிவிடும். மாடிப் பக்கம் விழுந்த நீர் தளத்தின் சாய்வோடு சேர்ந்து மழைநீர்க் குழாய்க்குப் போகும். அந்தத் தண்ணீர் சுவரின் அடியில் தெறிப்பதால், தளமும் சுவரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் வளைத்துப் பூசியிருக்க வேண்டும்.

இரு புறமும் வெட்டவெளியாக உள்ள காம்பவுண்டுச் சுவருக்கு நடுவில் மேடாகி இரண்டு பக்கமும் சாயும் மூடி பொருந்தும். நீர் இரண்டாகப் பிரிவதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதி அளவே போகும். ஆனால் அடுத்த வீட்டுக்காரரின் நிலத்தை ஒட்டி நிற்கும் சுவரில் வாட்டத்தைத் தம் பக்கமே வைப்பதுதான் சண்டையைத் தவிர்க்கும் வழி.

நீட்டமும் காடியும்

வாட்டம் நீரை விளிம்புக்குக் கொண்டுவருகிறது. விளிம்பில் என்ன ஆகிறது என்பதில்தான் மூடுகல்லின் வெற்றி இருக்கிறது. நீர் நேராகக் கீழே விழுவதில்லை. பரப்பு இழுவிசையாலும், கல்லோடு ஒட்டும் தன்மையாலும், அது விளிம்பைச் சுற்றி வளைந்து அடிப்பக்கத்துக்கு வருகிறது. அங்கே தலைகீழாகத் தொங்கியபடியே உள்நோக்கி நகர்ந்து சுவரைத் தொடுகிறது. தொட்டவுடன் சுவரின் முகத்தில் வழியத் தொடங்கும். காபி டம்ளரின் வாய் வெளிப்பக்கம் மடிந்திருப்பதால்தான் டபராவில் ஆற்றும்போது காபி தாரையாக விழுகிறது. விளிம்பு மடியாத கிளாசில் ஊற்றினால் அதன் வெளிப்பக்கமாகவே வழிந்து கையை நனைக்கும். நீட்டம் மட்டும் உள்ள, அடிப்பக்கம் வழுவழுப்பான மூடுகல் அந்த கிளாஸ் மாதிரிதான் நடந்துகொள்ளும்.

இந்த உள்நோக்கிய நகர்வை நிறுத்துவதுதான் காடியின் வேலை. அடிப்பக்கத்தில் ஊர்ந்து வரும் நீர் காடியின் வெளி விளிம்பை அடைகிறது. மேலும் உள்ளே போக அது காடிக்குள் செங்குத்தாக மேலேற வேண்டும். மெல்லிய நீர்ப்படலத்தால் அது முடிவதில்லை. கூர்மையான விளிம்பில் திரண்டு, எடை கூடியதும் சொட்டாகப் பிரிந்து விழுகிறது. பள்ளமாக இல்லாமல், அடியில் ஒரு பட்டை கீழ்நோக்கி நீண்டிருந்தாலும் இதே பலன் கிடைக்கும். நீர் எப்போதும் தன் வழியில் உள்ள மிகத் தாழ்ந்த கூரான இடத்திலிருந்து பிரிகிறது என்பதே இரண்டுக்கும் பொது விதி. கோயில்களின் கொடுங்கை இதே விதியைக் கல்லில் காட்டுகிறது. ஆவுடையார்கோயிலின் பெயர்பெற்ற கொடுங்கைகள் சுவரை விட்டு வெகுதூரம் வெளியே வந்து கீழ்நோக்கி வளைகின்றன. வளைவின் நுனிதான் தாழ்ந்த இடம் என்பதால், நீர் அங்கிருந்தே விழும். திரும்பி மேலேறிச் சுவருக்குப் போகாது.

காடியின் அளவும் தொங்கும் சொட்டின் அளவைப் பொறுத்தது. கல்லின் அடியில் தொங்கும் ஒரு நீர்ச்சொட்டு 5 மி.மீ. அகலம் வரை இருக்கும். காடி 3 அல்லது 4 மி.மீ. அகலம் மட்டும் இருந்தால் சொட்டு இரு கரைகளையும் தொட்டுப் பாலம் போட்டு அப்பால் போய்விடும். எனவே 10 முதல் 12 மி.மீ. அகலமும் அதே அளவு ஆழமும் கான்கிரீட்டுக்கு நல்ல அளவு. கட்டிங் மெஷினில் ஒரே ஓட்டு ஓட்டி எடுக்கும் மெல்லிய கீறல் காடி ஆகாது.

காடி இருக்கும் இடமும் முக்கியம். கல்லின் வெளி விளிம்புக்கு மிக அருகில் இருந்தால், இடையில் நிற்கும் மெல்லிய உதடு உடைந்துவிடும். சுவருக்கு மிக அருகில் இருந்தால் விழும் சொட்டு சிறு காற்றிலேயே சுவரில் படும். வெளி விளிம்பிலிருந்து 15 மி.மீ. விட்டுக் காடியைத் தொடங்குவது இரண்டுக்கும் இடைப்பட்ட இடம். இதற்கெல்லாம் இடம் இருக்க வேண்டுமானால் மூடுகல் சுவரின் முகத்திலிருந்து 50 மி.மீ., அதாவது 2 இஞ்ச் நீண்டிருக்க வேண்டும். இந்த 50 மி.மீ. பூச்சு முடிந்த முகத்திலிருந்து அளக்க வேண்டியது. செங்கல்லிலிருந்து அளந்து நீட்டிவிட்டால், பின்னால் வரும் பூச்சும் பட்டியும் அதில் 15 முதல் 20 மி.மீ. வரை தின்றுவிடும். காடியின் உள்கரை ஏறக்குறைய பூச்சைத் தொட்டு நிற்கும்.

ஒரு சுவருக்கு வார்ப்பது எப்படி

முன்பு சொன்ன 12 மீட்டர் சுவருக்கே கான்கிரீட் மூடி வார்ப்பதாகக் கொள்வோம். செங்கல் 230 மி.மீ., இரு பக்கமும் பூச்சுக்காக 15, நீட்டத்துக்காக 50 என்று சேர்த்தால் மூடியின் அகலம் 360 மி.மீ. மாடிப் பக்க விளிம்பின் கனம் 50 மி.மீ. என்று வைத்தால், பத்துக்கு ஒன்று வாட்டத்தில் தெருப் பக்க விளிம்பு 86 மி.மீ. ஆகிறது. மொத்தக் கான்கிரீட் 0.3 கன மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் இதற்குச் சுமார் இரண்டரை மூட்டை சிமென்ட் ஆகும்.

முதலில் செங்கல் தலையைத் தூசி போகத் துடைத்து, நனைத்து, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சை இரண்டு கை அடிக்க வேண்டும். மேலே வரும் கான்கிரீட்டில் என்றாவது ஒரு வெடிப்போ இணைப்போ ஒழுகினாலும், செங்கல்லுக்கு நீர் போகாமல் தடுக்கும் இரண்டாவது காவல் இது. மூடி சுவரோடு பிடித்து நிற்க, மீட்டருக்கு ஒரு 8 மி.மீ. கம்பியைச் செங்கல் இணைப்பில் இறக்கி மேலே நீட்டி வைப்பார்கள். கம்பி நுழையும் இடத்தைச் சுற்றிலும் அதே பூச்சால் அடைக்க வேண்டும்.

அடுத்து, சுவரின் இரு பக்கமும் பலகை அடிக்க வேண்டும். அடிப்பலகையின் மீது காடி வரவேண்டிய கோட்டில் 12 மி.மீ. அகலமுள்ள மரப்பட்டையை ஆணியடித்து, எண்ணெய் தடவி வைப்பார்கள். கான்கிரீட் இறுகிய பின் இதைப் பெயர்த்தால் அந்த இடம் காடியாக நிற்கும். பட்டையின் மேல்முகம் அடிமுகத்தைவிடச் சற்றுக் குறுகலாக இருந்தால் பெயர்க்கும்போது காடியின் விளிம்பு உடையாது. மாடிப் பக்கப் பலகையைவிடத் தெருப் பக்கப் பலகை 36 மி.மீ. உயரமாக நிற்க வேண்டும். இரண்டின் மேலும் மட்டப்பலகையை வைத்து இழுத்தாலே வாட்டம் தானாக வந்துவிடும். கண் கணக்குக்கு விட வேண்டியதில்லை.

நீளவாக்கில் 8 மி.மீ. கம்பி மூன்று, குறுக்கே 200 மி.மீ.க்கு ஒன்று என்ற மெல்லிய கூடு போதும். கம்பி காடிக்கு நேர் மேலே போனால், காடியின் ஆழம் போக மிஞ்சும் கான்கிரீட் கம்பியைக் காக்கப் போதாமல் போகும். ஆகவே ஓரக் கம்பிகளைக் காடிக்கு உட்புறமாகத் தள்ளி வைக்க வேண்டும். கலவை இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் சாய்வில் நிற்காமல் தாழ்ந்த பக்கம் வழியும்.

12 மீட்டரையும் ஒரே துண்டாக வார்க்கக் கூடாது. வெப்பநிலை 30 டிகிரி மாறினால் அந்த நீளக் கான்கிரீட் சுமார் 4 மி.மீ. நீளவோ சுருங்கவோ செய்யும். கீழே உள்ள சுவர் அதே அளவு அசையாததால், மூடி தனக்குப் பிடித்த இடங்களில் குறுக்கே வெடிக்கும். 2.4 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து துண்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டின் அசைவும் ஒரு மி.மீ.க்குள் அடங்கும். பிரிக்கும் இடத்தில் 10 மி.மீ. தெர்மோகோல் தகட்டைச் செருகி, நீளக் கம்பிகளையும் அங்கே நிறுத்திவிட வேண்டும். இறுகிய பின் தகட்டின் மேல்பகுதியைச் சுரண்டி எடுத்து, நுரைக் கயிறு திணித்து, பாலியூரித்தேன் சீலன்ட்டால் நிரப்ப வேண்டும். சிமென்ட் பாலை ஊற்றி அடைத்தால் அது அசைவைத் தாங்காமல் முதல் கோடையிலேயே விட்டுப்போகும்.

சாய்வான பரப்பில் பாத்தி கட்டி நீர் நிறுத்த முடியாது. ஈரச் சாக்கைப் போர்த்தி, காயவிடாமல் ஏழு முதல் பத்து நாள் நனைக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் மேற்பரப்பில் மெல்லிய வலைப்பின்னல் வெடிப்புகள் விடும். மூடியின் நோக்கமே அங்கே கெட்டுப்போகும்.

கல் பதிக்கும்போது

கட்டி முடித்த பழைய சுவருக்கு வார்ப்பதைவிடக் கல் பதிப்பது எளிது. கிரானைட்டும் கடப்பா கல்லும் வழக்கமாகப் பயன்படுகின்றன. கல் சீரான கனமுள்ள தகடாக வருவதால் வாட்டத்தைக் கல்லில் அல்ல, அடியில் போடும் கலவையில் கொண்டுவர வேண்டும். மாடிப் பக்கம் 15 மி.மீ. கலவை என்றால் தெருப் பக்கம் 40 மி.மீ.க்கு மேல் வரும். கலவையை நான்கு மூலையில் உருண்டையாக வைத்துக் கல்லை அமுக்கும் பழக்கம் இங்கே உதவாது. அடியில் வெற்றிடம் இருந்தால் இணைப்பு வழியே நுழையும் நீர் அங்கே தேங்கி நிற்கும். கல் முழுதும் கலவையில் படிந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தால் தெரியும். வெற்றிடமுள்ள இடம் பானையைத் தட்டியது போல் ஒலிக்கும்.

கிரானைட் தகடு பொதுவாக 18 முதல் 20 மி.மீ. கனமே இருக்கும். அதில் 12 மி.மீ. ஆழக் காடி எடுத்தால் நீட்டிய பகுதி முறிந்துவிடும். எனவே ஆழத்தை 5 அல்லது 6 மி.மீ. என்று குறைத்து, அகலத்தை 8 முதல் 10 மி.மீ. வைப்பார்கள். பதிக்கும் முன்பே பட்டறையில் காடி எடுத்துவிட வேண்டும். பதித்த பிறகு அடியிலிருந்து மெஷின் பிடித்து நேர்கோட்டில் எடுப்பது யாருக்கும் கஷ்டம். கடப்பா கல் படிவுக் கல் என்பதால் சில துண்டுகள் அடுக்காகப் பிரியக்கூடியவை. அப்படிப்பட்டதில் காடி எடுக்கும்போது உதடு செதிலாகப் பெயரும். இதற்குச் சற்றுக் கனமான, பிளவு தெரியாத துண்டுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

கல்லின் பலவீனம் இணைப்புகளில் இருக்கிறது. மூன்றடித் துண்டுகளாகப் பதித்தால் 12 மீட்டருக்குப் பன்னிரண்டு இணைப்புகளுக்கு மேல் வரும். எவ்வளவு நன்றாக அடைத்தாலும் ஒன்றிரண்டு சில ஆண்டுகளில் விடும். ஆகவே கல்லுக்கு அடியில் செங்கல் தலையில் போடும் பாலிமர் பூச்சைக் கல் நல்ல கல்தானே என்று விட்டுவிடக் கூடாது. கான்கிரீட்டைவிடக் கல்லுக்குத்தான் அது அதிகம் தேவை.

கெட்டுப்போகும் விதமும் கண்டுபிடிக்கும் வழியும்

சரியாகச் செய்த காடியும் பின்னால் வருபவர் கையில் அடைபடும். பெயின்டர் பட்டி பார்க்கும்போது காடியைக் குறையென்று நினைத்து நிரப்பிவிடுவார். இரண்டு மூன்று முறை பெயின்ட் அடித்ததில் கூர் விளிம்பு உருண்டு போகும். உருண்ட விளிம்பில் நீர் பிரியாமல் வளைந்து போய்விடும். குளவிக் கூடும் சிலந்தி வலையும் காடியில் பாலம் போடும். ஓரிடத்தில் இரண்டங்குலம் அடைந்தாலே போதும், அக்கம்பக்கத்து நீரும் அந்தப் பாலத்தின் வழியே சுவருக்கு வரும். அங்கே மட்டும் முகப்பில் ஒற்றைக் கறுப்புக் கோடு தெரியும்.

மூடுகல்லைத் துளைத்து நிறுத்தும் பொருள்கள் இன்னொரு கேடு. ஸ்டீல் கைப்பிடிக் கம்பிகளை மூடியின் மேல் துளைபோட்டு நட்டால் ஒவ்வொரு துளையும் நீர் இறங்கும் வாசல். கம்பியின் அடித்தகட்டைச் சுவரின் மாடிப் பக்க முகத்தில் பொருத்தினால் மூடி முழுதாக இருக்கும். காம்பவுண்டுச் சுவரின் தலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கலவையில் நடுவதும் இப்படித்தான். கண்ணாடிக்கும் கலவைக்கும் ஒட்டு நிற்பதில்லை. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் ஒரு வெடிப்பு விழும். அங்கே தங்கும் ஈரத்தில் பறவை போடும் அரச விதை முளைத்தால், அதன் வேர் மூடியையே தூக்கிவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. மழையில்லாத காலத்தில், மூடுகல்லின் நீட்டத்துக்குக் கீழே சுவரில் செய்தித்தாள் துண்டை ஒட்டிவிட்டு, மேலே ஒரு குவளை நீரை மெல்ல ஊற்ற வேண்டும். நீர் காடியிலிருந்து சொட்டி விழுந்து காகிதம் உலர்ந்திருந்தால் காடி வேலை செய்கிறது. காகிதத்தின் மேல் ஓரம் நனைந்தால் நீர் காடியைத் தாண்டி வந்திருக்கிறது. நீர் மேலேயே தேங்கி நின்றால் குறை வாட்டத்தில். அடிப்பக்கத்தைப் பார்க்கக் குனிந்து கழுத்தை வளைக்க வேண்டியதில்லை. கைபேசியின் கேமராவை அடியில் நீட்டிப் படமெடுத்தால் காடி முழுதும் தெரியும்.

ஈரத் திட்டின் இடமும் துப்புக் கொடுக்கும். கைப்பிடிச் சுவரின் மேல் பாதியில் பெயின்ட் உரிந்து உப்புப் பூத்திருந்தால் நீர் தலையிலிருந்து வருகிறது. அடிப்பகுதி மட்டும் நனைந்து மேலே உலர்ந்திருந்தால் தளத்தின் மூலையையோ மழைநீர்க் குழாயின் வாயையோ சந்தேகிக்க வேண்டும். சுவரும் தளமும் சேரும் இடத்தில் நீளமாகப் படுக்கைவாக்கில் ஓடும் வெடிப்பு பெரும்பாலும் வெயிலில் கூரைத் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. மூடுகல்லை மாற்றினால் அது தீராது.

காடி இல்லாத பழைய கான்கிரீட் மூடியை இடிக்காமலும் சரிசெய்யலாம். கனம் போதுமானால் கட்டிங் மெஷினில் இரண்டு இணைக் கீறல்கள் போட்டு, நடுவை உளியால் தட்டி எடுத்துக் காடியாக்கலாம். கம்பி மேலாக இருந்தால் அது வெளிப்பட்டுத் துருப்பிடிக்கும் என்பதால், அங்கே அலுமினியம் அல்லது பி.வி.சி. எல் வடிவப் பட்டையை அடிப்பக்கத்தில் சீலன்ட் வைத்து ஒட்டுவது பாதுகாப்பு. கீழ்நோக்கி நிற்கும் அதன் ஒரு காலே சொட்டு விளிம்பாகிவிடும். மூடி நீட்டமே இல்லாமல் சுவரோடு சமமாக முடிந்திருந்தால், அதன் மேலேயே வாட்டமாகக் கலவை போட்டு 50 மி.மீ. நீட்டிக் கல் பதிப்பதுதான் வழி. எப்படிச் செய்தாலும், ஊறிய சுவரை முதலில் உலரவிட வேண்டும். தலை ஒழுகிக்கொண்டிருக்கும்போதே இரு முகங்களுக்கும் நீர் புகாத பெயின்ட் அடித்தால், உள்ளே இறங்கும் நீர் வெளியே ஆவியாக வழியின்றிச் சிறைபடும். பெயின்ட் கொப்புளமாக எழும்பும்.

மூடுகல்லால் ஆகாத வேலையும் உண்டு. புயல் காற்றில் மழை பக்கவாட்டில் அடிக்கும்போது 50 மி.மீ. நீட்டம் சுவரின் முகத்தை நனையாமல் காக்காது. அப்போது முகத்தைக் காப்பது நல்ல பூச்சும் பெயின்டும்தான். நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரத்துக்கும் தளத்தின் ஒழுகலுக்கும் மூடுகல்லோடு தொடர்பில்லை. தலை வழியாக நீர் இறங்குவதைத் தடுப்பது மட்டுமே அதன் பணி. அதற்கும் பராமரிப்பு கொஞ்சம் தேவை. ஆண்டுக்கொரு முறை, புரட்டாசி முடிவதற்குள், மேற்பரப்பைப் பெருக்கிக் கழுவி, காடியை ஒரு குச்சியால் சுரண்டிவிட்டு, இணைப்புகளில் விட்டுப்போன சீலன்ட்டைக் கீறி எடுத்துப் புதிதாக நிரப்பினால் அடுத்த மழைக்காலத்துக்கு மூடி தயார்.